வர்ணம் பிளேலிஸ்ட் அடுத்த மாசத்துல இருந்து மெம்பர்ஸுக்கு மட்டும்: எது போகுது, எது இருக்கும், ஏன்

நம்ம சேனல்ல கர்நாடக சங்கீதப் பாடம் கேக்குற எல்லாருக்கும், பெற்றோர்களுக்கும் சேர்த்துதான் இது. அடுத்த மாசம் 1ஆம் தேதியில இருந்து வர்ணம் பிளேலிஸ்ட் மட்டும் மெம்பர்ஸுக்குன்னு மாறுது. சரளி வரிசை, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம் எல்லாம் எப்பவும் போல ஓப்பனாவே இருக்கும், அதுல கை வைக்கப் போறதில்ல. குழந்தைகளுக்கானதுன்னு குறிச்சுப் போட்ட வீடியோக்களுக்கு மெம்பர்ஷிப்பே வைக்க முடியாது, யூடியூப் ரூல் அப்படி, அதனால சின்னப் பிள்ளைங்க பாட்டு வீடியோக்களும் அப்படியேதான் இருக்கும்.

ஏன் வர்ணம் மட்டும்னு கேக்குறீங்க, அத கொஞ்சம் விவரமா சொல்றேன்.

நீங்க அனுப்புற ரெக்கார்டிங் எல்லாம் கேட்டுட்டுதான் வரேன். அதுல தோடி வர்ணம் பாடி அனுப்புறவங்ககிட்ட ஒரே மாதிரி ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. ஸ்வரம் சரி, தாளம் சரி, சுருதி கூட சேர்ந்திருக்கு, ஆனா காந்தாரம் வர்ற இடத்துல மட்டும் தோடி காணாமப் போயிடுது. தோடியில காந்தாரம் ஒரே இடத்துல நிக்கிற ஸ்வரம் இல்லன்னு வகுப்புலயே சொல்லிருக்கேன். நோட்டுல 'க'ன்னு ஒரு எழுத்துதான் இருக்கும், பாடும்போது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல அசைஞ்சுகிட்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. ரெக்கார்டிங்ல கேக்குறது என்னன்னா ரீ... மா... ரீ... மா...ன்னு தனித்தனி ஸ்வரமா, ஏணியில ஏறி இறங்குற மாதிரி. இது எங்க இருந்து வருதுன்னு முதல்ல பிடிபடல, நான் அப்படிப் பாடலயே. அப்புறம் ஒரு பிள்ளைகிட்ட எப்படிப் பிராக்டிஸ் பண்றேன்னு கேட்டா, "வீடியோவ 0.5 ஸ்பீடுல வச்சுதான் கத்துக்கிட்டேன் மிஸ், அப்பதான் புரியுது"ன்னா.

விஷயம் அதுதான். வேகத்த பாதியாக்கினா ஸ்வரம் மட்டும் மெதுவாகாது, கமகமும், அதாவது அந்த அசைவும், பாதி வேகத்துக்கு இழுபட்டுடும். நிஜத்துல மெதுவாப் பாடும்போது யாரும் அப்படிப் பாட மாட்டோம், ஸ்வரத்துக்கு நேரம் கூடும்போது அசைவு கூடுதலா வரும் இல்லன்னா ஒரு இடத்துல கொஞ்சம் நின்னு அசையும், ஒரே அசைவு ரப்பர் மாதிரி நீளாது. பழைய டேப்ல வேகத்த குறைச்சா சுருதியும் கூடவே இறங்கிடும், கேட்ட உடனே ஏதோ தப்புன்னு காதுக்குத் தெரிஞ்சிடும். இப்போ யூடியூப்ல வேகம் குறைச்சாலும் சுருதி அப்படியே நிக்குது, அதனால காதுக்கு சந்தேகமே வர்றதில்ல. அதுதான் ஆபத்து.

இதுக்கு நேர் எதிரா இரண்டாம் காலத்துக்கு 2x வச்சுப் பழகுறவங்களும் இருக்காங்க. அங்க காந்தாரம் நடுக்கமா மாறிடும். இரண்டாம் காலத்துல வேகம் ரெண்டு மடங்குங்கிறது ஸ்வரத்தோட கணக்கு, கமகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. முதல் காலத்துல ரெண்டு தடவ அசைஞ்ச காந்தாரம் இரண்டாம் காலத்துல ஒரு தடவதான் அசையும், சில இடத்துல சும்மா தொட்டுட்டுப் போயிடும். இத மெஷின் வேகத்த மாத்திக் கத்துக்க முடியாது, ரெண்டு காலத்தையும் தனித்தனியா யாராவது பாடிக் காட்டணும். நீங்களே சோதிச்சுப் பாக்கணும்னா ஒரு வழி இருக்கு: தம்பூராவ மட்டும் ஓட விட்டு, வீடியோவ மூடிட்டு, அந்த ஒரு காந்தாரத்த மட்டும் நீட்டிப் பாடி ரெக்கார்ட் பண்ணுங்க. கேக்கும்போது ரெண்டு ஸ்வரமா எண்ண முடிஞ்சா தப்பு, ஒரே ஸ்வரம் அசையுற மாதிரி கேட்டா சரி.

சரளி வரிசையில இந்தப் பிரச்சனை பெருசா வராது, மாயாமாளவகௌளையில அந்தக் கட்டத்துல ஸ்வரஸ்தானம் சரியா விழுந்தாலே போதும், வேகத்த குறைச்சாலும் பெரிய நஷ்டம் இல்ல. வர்ணத்துல இருந்துதான் கமகம் வேலையக் காட்ட ஆரம்பிக்கும். அதனாலதான் கோடு அங்க போட்டேன்.

இப்போ வர்ணங்களைப் புதுசா ரெக்கார்ட் பண்ணிட்டு இருக்கேன். யூடியூப்ல ஒருதடவ போட்ட வீடியோவ எடுத்துட்டு அதே லிங்க்ல வேற ஃபைல் வைக்க முடியாது, அதனால எல்லாம் புது வீடியோவா வரும். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், எத்துகடை ஸ்வரம்னு துண்டு துண்டா, ஒவ்வொண்ணும் முதல் காலத்துல தனியா, இரண்டாம் காலத்துல தனியா, அதுக்கு முன்னாடி கமகமான இடங்கள மட்டும் பிரிச்சு மெதுவா, மெஷின் மெதுவாக்கினது இல்ல, நானே பாடினது. இத ஒரு தடவ 5 கட்டையிலயும் ஒரு தடவ 1 கட்டையிலயும் போடணும், ஆம்பளப் பிள்ளைங்க 5 கட்டையில தொண்டைய இறுக்கிப் பாடுறத கேக்க எனக்கே கழுத்து வலிக்குது.

கூடவே மெம்பர்ஸ் ஒவ்வொருத்தரும் மாசம் ஒரு துண்டு பாடி அனுப்பலாம், ரெண்டு நிமிஷத்துக்குள்ள, நான் கேட்டுட்டு வாய்ஸ்லயே திருத்தம் சொல்லி அனுப்புவேன். காசு முக்கியமா இதுக்குத்தான். வித்தைய விக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார், வீடியோவுக்கு வேணா அந்தக் கேள்வி பொருந்தும், உக்காந்து உங்க காந்தாரத்த கேக்குற நேரத்துக்கு பொருந்தாதுன்னுதான் நான் நினைக்கிறேன். நீங்க கட்டுறதுல வரி, கட்டணம் போக 70 சதவீதம் சேனலுக்கு வரும், மீதி யூடியூபுக்கு.

இனி நடைமுறை. பிளேலிஸ்ட்ட மூடுறதுன்னு நான் சொன்னாலும் உண்மையில மூடுறது ஒவ்வொரு வீடியோவத்தான். அதனால நீங்க உங்க சொந்த பிளேலிஸ்ட்ல சேத்து வச்சிருந்தாலும், பழைய லிங்க் வாட்ஸாப்ல இருந்தாலும், மெம்பரா இல்லாத ஐடியில ஓடாது. மெம்பர்ஷிப் ஒரு ஐடிக்கு மட்டும்தான், இத நல்லா கவனிங்க பெற்றோர்களே, அப்பா போன்ல ஜாயின் பண்ணிட்டு பொண்ணு டேப்லெட்ல வேற ஐடியில திறந்தா பூட்டுதான் தெரியும். பெற்றோர் கண்காணிப்புல இருக்கிற குழந்தை அக்கவுண்ட்ல சேரவே முடியாது, அப்பா அம்மா ஐடியில சேர்ந்து அதுலயே திறந்து குடுங்க. ஐபோன் வச்சிருக்கவங்க ஆப்ல சேராம பிரவுசர்ல போய் ஜாயின் பட்டன அழுத்துங்க, ஆப்ல விலை கூடுதலாக் காட்டலாம். பிடிக்கலன்னா எப்ப வேணா கேன்சல் பண்ணலாம், கட்டின மாசம் முடியுற வரைக்கும் ஓடும்.

கட்ட முடியாத நிலைமையில இருக்கவங்க எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, காரணம் எல்லாம் சொல்ல வேண்டாம், உங்க இமெயில் ஐடி மட்டும் போதும். அதே வீடியோவ பிரைவேட்டா தனியா ஏத்தி உங்க ஐடிக்கு ஷேர் பண்ணிடுவேன். எனக்கு ஒரு அப்லோடு கூடுதல் வேலை, அவ்ளோதான்.

பழைய வர்ண வீடியோக்கள் இந்த மாசக் கடைசி வரைக்கும் ஓப்பனா இருக்கும். இப்பவே நடுவுல இருக்கிறவங்க அவசரப்பட்டு எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிக்கப் பாக்காதீங்க. எந்த வர்ணத்துல எந்தத் துண்டுல இருக்கீங்கன்னு கமெண்ட்ல போடுங்க, புது ரெக்கார்டிங்ல அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். தோடி பாடுறவங்க பல்லவிய சாதாரண ஸ்பீடுல கேட்டுட்டு, வீடியோவ மூடிட்டுப் பாடி அனுப்புங்க, இந்த மாசம் வர்றதுக்கு மெம்பரா இல்லன்னாலும் பதில் சொல்லிடுறேன்.