சுழியில் சுவிட்ச் போட்டால் மின்னோட்டம் சாதுவாகத் தொடங்குமா?

"மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் நொடியில் சுவிட்சைப் போடுங்கள், ஆரம்பத் துள்ளலே இருக்காது. உச்சத்தில் போட்டால்தான் ஆபத்து" என்று சொல்வதுண்டு.

ஹீட்டருக்கு இது சரி. மின்தூண்டிக்கு ஏறக்குறைய தலைகீழ்.

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இணைப்பில் 1 ஓம் மின்தடையும் 10 ஓம் மின்மறுப்புள்ள மின்தூண்டியும் தொடராக இருக்கட்டும். நிலைபெற்ற மின்னோட்டத்தின் உச்சம் சுமார் 32 ஆம்பியர். அது மின்னழுத்தத்துக்கு 84 பாகை பின்தங்கும். ஆகவே மின்னழுத்தம் சுழியிலிருந்து ஏறும் கணத்தில் அந்த அலை −32 ஆம்பியர் அருகே இருந்தாக வேண்டும். ஆனால் சுற்றில் இருப்பதோ பூச்சியம், மின்தூண்டியில் மின்னோட்டம் தாவாது. இந்த இடைவெளியை +32 ஆம்பியரில் தொடங்கி மெல்லத் தேயும் நேர்மின்னோட்டப் பகுதி நிரப்புகிறது. அரைச் சுழற்சி கழித்து அலை தன் உச்சத்தைத் தொடும்போதும் அதில் 24 ஆம்பியர் மிச்சம் இருக்கும், மொத்தம் 56. உச்சத்தில் சுவிட்ச் போட்டிருந்தால் இந்தப் பகுதி 3 ஆம்பியர்தான். 84 பாகையில் போட்டால் அதுவும் இல்லை.

நேர மாறிலி L/R இங்கே 32 மில்லிசெகண்ட். ஐந்து சுழற்சிகளில் அந்த நேர்மின்னோட்டப் பகுதி பெரும்பாலும் தேய்ந்துவிடும். அலைநோக்கியில் ஒரு பக்கம் ஏறி நிற்கும் அலை மெல்ல நடுக்கோட்டுக்கு இறங்குவது தெரியும்.

தம் வெல்டிங் மின்மாற்றி சுவிட்ச் போட்டதும் பிரேக்கரைத் தட்டிவிடுகிறது என்று சொன்ன நண்பருக்கு: உங்கள் சிக்கலின் வேர் இதே. ஆனால் இரும்பு உள்ளகம் தெவிட்டிவிட்டால் என் கணக்கு பொருந்தாது. உள்ளே எஞ்சிய காந்தப்பாயமும் சேர்வதால் துள்ளல் இல்லாமல் சுவிட்ச் போடும் கோணம் ஒவ்வொரு முறையும் மாறும்.