பார்த்த ஸ்டேட்டஸ் போனிலேயே தங்கிவிடாது

"வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வீடியோவை ஒரு முறை பார்த்தால் போனில் பதிந்துவிடும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார்.

பாதிதான் சரி, அண்ணா. ஆண்ட்ராய்டு போனில் பார்த்த வீடியோ இங்கே வந்து சேர்வது உண்மை:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/.Statuses
```

முன்னால் புள்ளி இருப்பதால் இது மறைந்திருக்கும். ஃபைல் மேனேஜரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்ல வேண்டும். ஆனால் 24 மணி நேரம் கடந்தால் வாட்ஸ்அப் அங்கிருந்தும் அழித்துவிடும். அதற்குள் வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்தால்தான் நிற்கும்.

எனக்கே இது நடந்தது. பென்னாகரத்தில் பாட்டி கேழ்வரகுக் கதிர் அடிப்பதைச் சித்தி சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஸ்டேட்டஸில் வைத்தார். "தாராளமாக எடுத்துக்கொள்" என்றும் சொன்னார். ஞாயிறு இரவு திறந்தேன்; ஃபோல்டர் காலி. மனசு கேட்கவில்லை. சித்தியிடமே கேட்டேன். கேலரியில் இருந்த மூல வீடியோவை டாக்குமென்டாக அனுப்பினார். ஸ்டேட்டஸில் மங்கலாகத் தெரிந்த பாட்டியின் கைவளையல்கூட அதில் பளிச்சென்று இருக்கிறது. அனுமதி தருபவரிடம் மூலத்தையே கேட்பதுதான் என் முதல் யோசனை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் அதுவே வழி. அதில் இந்த ஃபோல்டரைத் திறக்க முடியாது.