சித்தப்பா ஒதுக்கிய தேங்காய்ச் சட்னி

போன ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் சித்தப்பா தட்டில் ஐந்து இட்லி. சித்தி வைத்த தேங்காய்ச் சட்னியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, சர்க்கரை டப்பாவைத் திறந்து இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டார்.

"என்ன சித்தப்பா இது?"

"ஈரல்ல கொழுப்பு இருக்காம்மா. ஸ்கேன்ல கிரேடு 2ன்னு போட்டிருக்கான். அதான் தேங்காய், எண்ணெய், முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டேன்."

பதினான்கு வருடமாக டயட்டீஷியன் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு நான்கு பேராவது இதே கதையைச் சொல்கிறார்கள். என் வீட்டுக்குள்ளேயே நடக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். வயது 54, எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. ஈரல் செல்கள் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி 71. எண்ணெயை நிறுத்துவதற்கு முன் ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 284. நான்கு மாதம் கழித்து 310. குறைக்கவே இல்லை, ஏற்றியிருக்கிறார். "லேப்ல ஏதோ தப்பு" என்று அவர் சொன்னார். லேப் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

ஈரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று 2005ல் அமெரிக்காவில் ஃபேட்டி லிவர் உள்ளவர்களிடம் அளந்து பார்த்தார்கள். சாப்பாட்டில் இருந்த கொழுப்பு நேராக வந்து சேர்ந்தது சுமார் 15 சதவீதம்தான். ஏறத்தாழ 26 சதவீதம் ஈரல் தானே மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தயாரித்தது. மீதி, அதாவது பாதிக்கும் மேல், தொப்பையிலும் தோலுக்கு அடியிலும் ஏற்கெனவே சேர்த்துவைத்த கொழுப்பு கரைந்து ரத்தம் வழியாக வந்தது. இன்சுலின் ஒழுங்காக வேலை செய்தால் அந்தச் சேமிப்பு கண்டபடி கரையாது. இன்சுலினுக்கு உடம்பு மசியாமல் போகும்போது இரண்டு பக்கமும் அடி: தொப்பையிலிருந்து கொழுப்பு ஒழுகுகிறது, ரத்தத்தில் ஏறி நிற்கும் இன்சுலின் ஈரலைப் பார்த்து "இன்னும் தயாரி" என்கிறது.

வழியும் வேறு. சட்னியில் இருக்கும் கொழுப்பில் பெரும்பங்கு குடலிலிருந்து நிணநீர் வழியாகச் சுற்றி, தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் பங்கு கொடுத்துவிட்டு, மிச்சம்தான் ஈரலுக்கு வருகிறது. சர்க்கரை அப்படியில்லை. நாம் போடும் வெள்ளைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பயன்படுத்தும். ஃபிரக்டோஸை, அதுவும் ஒரே மடக்கில் ஜூஸாக இறங்கினால், பெரும்பாலும் ஈரல்தான் சமாளிக்க வேண்டும். குளுக்கோஸுக்கு இருப்பதுபோல் 'போதும்' என்று நிறுத்தும் தடுப்பு அதற்குக் கிடையாது. வருவதையெல்லாம் உடைத்து, மிஞ்சியதைக் கொழுப்பாக்கி வைக்கும். அதில் ஒரு பகுதி ரத்தத்துக்கு வரும்போதுதான் டிரைகிளிசரைடு ஏறுகிறது.

பிரான்சில் வாத்து ஈரலைக் கொழுக்கவைத்து விற்பார்கள், ஃபுவா க்ரா என்று பெயர். அந்த வாத்துக்கு எண்ணெயும் நெய்யுமா ஊட்டுகிறார்கள்? மக்காச்சோளத்தை. ஈரல் பல மடங்கு வீங்கிவிடும்.

சரி, சித்தப்பா கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அவருடைய ஒரு நாளை எழுதினோம். நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன்: எட்டு. இட்லிக்கு இரண்டு. கடையில் பதினொரு மணிக்கு சாத்துக்குடி ஜூஸ், அதில் மூன்று. ராத்திரி ஓட்ஸ் கஞ்சியில் தேன் இரண்டு. ஆக 15 ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தால் 75 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அதிகபட்சம் 50 கிராம், முடிந்தால் 25. டீக்கு நனைத்த ரஸ்க்கும் பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் இல்லை. மதியம் ரசத்துக்கு ஒரு மேடு, மோருக்கு ஒரு மேடு என்று தட்டில் குவிந்த வெள்ளைச் சோறும் இல்லை.

"டீக்குக்கூட நாட்டுச் சர்க்கரைதானேம்மா போடுறோம்?" என்று சித்தி கேட்டார். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் ஈரல் வாசலில் ஒரே ஆள்தான், சட்டைதான் வேறு. ஆனால் முழுப் பழத்தை நான் யாருக்கும் நிறுத்துவதில்லை. ஒரு சாத்துக்குடியை உரித்துத் தின்ன நேரமாகும், நாரும் இருக்கிறது. ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று பழம், குடிக்க அரை நிமிடம்.

2019ல் அமெரிக்காவில் ஃபேட்டி லிவர் உள்ள 40 பையன்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு எட்டு வாரம் வீட்டுச் சமையலிலிருந்தே சேர்க்கும் சர்க்கரையைக் கிட்டத்தட்ட எடுத்துவிட்டார்கள். அவர்களின் ஈரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17 ஆனது. வழக்கமான சாப்பாட்டில் இருந்தவர்களுக்கு 21லிருந்து 20.

இதைப் படித்துவிட்டு "அப்போ நெய்யில் குளிக்கலாம்" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018ல் ஃபின்லாந்தில் மூன்று வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வெண்ணெய், சீஸ், தேங்காய் எண்ணெய் என்று நிறைவுற்ற கொழுப்பாகக் கொடுத்தவர்களுக்கு ஈரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது, சர்க்கரையாகக் கொடுத்தவர்களுக்கு 33, கொட்டை வகை, ஆலிவ் எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்புக்கு 15. மிதமிஞ்சினால் எதுவும் சேரும், நிறைவுற்ற கொழுப்பு இன்னும் வேகமாக. ஆனால் நம் ஊர்த் தட்டில் மிதமிஞ்சி இருப்பது எது? பெரும்பாலும் சோறும் மாவும் சர்க்கரையும். அதைத் தொடாமல் இரண்டு ஸ்பூன் சட்னியில் கைவைப்பதுதான் எனக்கு எரிச்சல்.

சித்தப்பாவுக்குப் பெரிய டயட் சார்ட் எதுவும் கொடுக்கவில்லை. டீயில் சர்க்கரை கிடையாது, ஜூஸும் ரஸ்க்கும் கிடையாது. காலையில் மூன்று இட்லி, சட்னியோடு, கூட ஒரு முட்டை. மதியம் சோறு ஒரு கப், அளந்து. கூட்டும் பொரியலும் இரண்டு மடங்கு. மீனோ பருப்போ சுண்டலோ கட்டாயம். எண்ணெய் ஒரு நாளைக்கு நான்கு டீஸ்பூன். சாப்பிட்டதும் தெருக்கோடி வரை நடை. அவர் சர்க்கரை நோய் மாத்திரை எடுக்கிறவர் இல்லை என்பதால் இப்படிச் சட்டென்று குறைக்க முடிந்தது. இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சுகர் இறங்கி மயக்கம் வரும். டாக்டரிடம் டோஸைப் பேசிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

நான்கு மாதம் கழித்து எடை 73, இடுப்பு 95, எஸ்ஜிபிடி 38, டிரைகிளிசரைடு 162. ஸ்கேனில் கிரேடு 1. இதில் சர்க்கரையை விட்டது எவ்வளவு, எடை குறைந்தது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்து கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கும். ஸ்கேனின் கிரேடும் கண்ணால் பார்த்துப் போடும் கணக்குதான், லேசான கொழுப்பு அதில் தெரியாமலும் போகும். உண்மையில் பயப்பட வேண்டியது ஈரலில் தழும்பு விழுகிறதா என்பதற்கு. அதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு: வயதை எஸ்ஜிஓடி என்ற இன்னொரு ஈரல் டெஸ்ட் அளவால் பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையாலும் (ஆயிரத்தில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். முதல் ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி 44, பிளேட்லெட் 2,40,000. போட்டுப் பார்த்தால் 1.17. 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. தாண்டியிருந்தால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன்.

போன வாரம் போன் செய்தார். டீக்கடை மாஸ்டர் இப்போதெல்லாம் இவர் தலையைக் கண்டதும் "சக்கர இல்லாம ஒண்ணு" என்று குரல் கொடுத்துவிடுகிறாராம். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஏம்மா, தீபாவளிக்கு அதிரசம் ரெண்டு..." என்றார். ஒன்று என்று பேரம் முடிந்தது.