உறுதியில "இருப்பன்" எண்டு எழுதலாமோ?

போன மாதம் முள்ளியவளையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அரை ஏக்கர் உறுதிக்காணி, ஒரு வீடு, ஒரு கிணறு, பத்துப் பன்னிரண்டு தென்னை. கடைசி மகளுக்கு நன்கொடையாக எழுதிவிட வேண்டும் என்று பெரியம்மா நிற்கிறா. கனடாவில் இருக்கிற பேரன் ஒரு வரைவு தட்டச்சு செய்து வைபரில் அனுப்பியிருந்தான். நான் இருபது வருசம் நொத்தாரிசு கந்தோரில் காணி உறுதி எழுதிக் கொடுத்தவன் என்பதால், "தம்பி, இதை ஒருக்காப் பார்" என்றா.

வரைவு இதுதான்: "என் காணியை என் மகளுக்குக் கொடுக்கிறேன். நான் சாகும்வரை அங்கே இருப்பேன்."

கீழே பேரனின் குறிப்பு: "மாமா, இத்தால் சகலரும் அறிவார்களாக, மேற்படி, மேற்சொன்ன எண்டெல்லாம் போட வேண்டாம். அம்மம்மாவுக்கு விளங்கிற தமிழில இருக்கட்டும்."

பெடியனில் எனக்குக் கோபமில்லை. பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். ஒரு பக்கத்தில் ஒன்பது "மேற்படி" வரும் உறுதிகளை நானே எழுதியிருக்கிறேன். எந்த மேற்படி எதைச் சுட்டுகிறது என்று எழுதின எனக்கே மறுநாள் தெரியாது. அவற்றைத் தூக்கி எறிந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் அவன் அவற்றோடு சேர்த்து வேறு இரண்டையும் எறிந்துவிட்டான்.

முதலாவது "இருப்பேன்". பெரியம்மா இருப்பா, சரி. தேங்காய் பிடுங்கி விற்கலாமா? இரண்டு அறையை வாடகைக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் காசு ஆருக்கு? அவ வவுனியாவில் மூத்த மகனோடு ஒரு வருசம் போய் நின்றால் "இருப்பது" முடிந்துவிட்டதா? உறுதியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: சீவிய உரித்து. "எனது சீவிய உரித்தை எனக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு" என்று எழுதினால், உயிருள்ளவரை குடியிருக்கவும் வருமானம் எடுக்கவும் உரிமை தாய்க்கு; காணியின் உடைமை மகளுக்கு. அந்தச் சொல்லின் பொருள் எதுவரை போகும் என்று நீதிமன்றங்களில் எத்தனையோ வழக்குகளில் பேசித் தீர்த்தாயிற்று. "இருப்பேன்" என்பதை ஒருவரும் தீர்க்கவில்லை. பெரியம்மாவின் பிள்ளைகள்தான் முதலாவதாக வழக்காடித் தீர்க்க வேண்டி வரும்.

இரண்டாவது, வரைவில் இல்லாமலே போன ஒரு வசனம். எங்கள் நாட்டில் நன்கொடைக்கு ரோமன் டச்சுச் சட்டம். கொடுக்கிறவர் கொடுத்தால் மட்டும் போதாது, வாங்குகிறவர் ஏற்க வேண்டும். அதனால்தான் உறுதிகளில் மகளும் கையொப்பமிட்டு, "இந்நன்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி வரும். பேரனுக்கு அது வெறும் மரியாதைப் பேச்சாகத் தெரிந்திருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் நன்கொடை முற்றுப்பெறவில்லை என்று பிறகு ஒருவர் வாதாட இடமுண்டு. ஏற்றதை நடத்தையாலும் காட்டலாம்தான். மகள் காணியை ஆண்டு அனுபவித்தாள், அதனால் ஏற்றாள் என்று சொல்லலாம். ஆனால் இங்கே சீவிய உரித்து தாயிடம். காணியை ஆளுவதும் தாய். மகள் எதைக் காட்டுவாள்? உறுதி தன் கையில் இருந்தது என்று காட்டலாம்.

வன்னியில் உறுதி கையில் இருந்தது என்று சொல்வதன் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். 2009 இல் உறுதிகள் எங்கே போயின? பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர்கள் சிலர். பங்கரில் விட்டவர்கள், அலுமாரியோடு விட்டவர்கள் பலர். மெனிக்பாம் முகாமால் திரும்பி வந்து காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தபோது அந்தப் பிரதியில் என்ன இருந்ததோ அவ்வளவுதான் மிச்சம். சாட்சி வைத்த இரண்டு பேரில் ஒருவர் இல்லை, மற்றவர் எங்கே என்று தெரியாது. எழுதின நொத்தாரிசும் இல்லை. எல்லையாக எழுதிய பாலைமரமும் இல்லை. "அப்ப அம்மா சொன்னதன் கருத்து இதுதான்" என்று சொல்ல ஒரு ஆளும் இல்லாத இடத்தில் தாள் தனியாக நின்று பேச வேண்டும். பேச்சுத்தமிழ் பக்கத்தில் ஆள் இருக்கும்போது நல்லாப் பேசும். முகம், கை, குரல் எல்லாம் அதற்குத் துணை.

இதனால் எல்லா அறிவித்தலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நாளை மறுநாள் தண்ணி வராது என்ற அறிவித்தலுக்கு "இத்தால் அறியத்தருவது யாதெனில்" தேவையே இல்லை. 2025 மார்ச் 28 வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு வந்தது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மன்னாரும் அதில் இருந்தன. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. எதிர்ப்பு எழுந்து, உயர் நீதிமன்றம் வரை போய், பிறகு மீளப்பெறப்பட்டது. வர்த்தமானியின் வாசகம் இறுக்கமாக இருந்ததில் எனக்குக் குறையில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். அதை ஊரில் வாய்விட்டு வாசித்து, "இன்ன துண்டு, இன்ன திகதிக்குள்ள, இன்னதைக் கொண்டு வாங்கோ" என்று சொல்ல ஆள் இருந்ததா என்பதுதான் கேள்வி.

செத்த வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுவோமே, அதையும் எளிய தமிழுக்கு மாற்றிப் பாடினால் என்ன என்று போன வருசம் ஒரு சாவீட்டில் ஒருவர் கேட்டார். மாற்ற உட்கார்ந்தால் முதல் பாட்டிலேயே அவருக்கு ஒன்று தட்டுப்படும். அதில் சாவே இல்லை. இறைவன் நீராடுவதற்குப் பெண்கள் கூடிப் பொற்சுண்ணம் இடிக்கும் மகிழ்ச்சிப் பாட்டு அது, இருபது பாட்டும் அப்படித்தான். உடனே "இது பொருந்தாது" என்று அழுகை வரிகளைச் சேர்ப்பார். பழைய சொல்லாக இருப்பதால்தான் அந்தக் கொண்டாட்டம் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று பாடக்கூடியதாக இருக்கிறது. உலக்கை பிடித்திருக்கும் பெண்ணுக்கு "வைம்மின்" என்றால் "வையுங்கோ" என்று தெரியும். ஆனால் "வையுங்கோ" என்று பாடினால் பக்கத்து வீட்டுக்காரி சொல்வது போலிருக்கும். பொருள் கேட்கும் பிள்ளைக்கு அடுத்த நாள் திண்ணையில் இருத்திச் சொல்லலாம். எங்கள் அப்பு அப்படித்தான் சொன்னவர், அவருக்கே பாதிதான் தெரியும் என்பது வேறு விசயம்.

உறுதிக்கு இந்தத் திண்ணை வேலையும் சட்டத்திலேயே இருக்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். கையொப்பமிடுகிறவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு வாசித்து விளங்கப்படுத்தி, அப்படிச் செய்ததை அத்தாட்சியிலும் எழுத வேண்டும். "வாசித்து விளங்கப்படுத்தி" என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டு, முதியவரிடம் "இதில ஒரு கையொப்பம் வையுங்கோ அம்மா" என்று மட்டும் சொன்ன ஆட்களையும் கண்டிருக்கிறேன். பேரனின் கோபம் போக வேண்டிய இடம் அது.

ஒரு கிழமைக்குப் பிறகு நொத்தாரிசிடம் போனோம். மேற்படிகளைக் குறைத்து, வசனங்களை உடைத்து, சீவிய உரித்தையும் ஏற்புரையையும் வழிவாய்க்கால் உரிமையையும் வைத்து எழுதியிருந்தேன். நொத்தாரிசு வாசித்தார். "சீவிய உரித்து" வந்ததும் பெரியம்மா கையை நீட்டி நிறுத்தினா.

"அதென்ன தம்பி?"

"சாகுமட்டும் காணி உங்கட கையிலதான் அம்மா. இருக்கலாம், தேங்காய் விக்கலாம், வாடகைக்கும் குடுக்கலாம். வித்துப்போட மட்டும் ஏலாது."

"இவளும் என்னை எழுப்பேலாதோ?"

"ஏலாது."

பெரியம்மா மகளைத் திரும்பிப் பார்த்தா. "கேட்டனியே?" என்றா. பிறகு பேனையை வாங்கினா.