இரண்டா, ஏழா?

பர்மியத்தில் இரண்டு என்றால் ‘நித்’. ஏழு என்றால் ‘குன்னித்’. வீட்டில், கடையில் எங்கும் குழப்பமில்லை. ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் மட்டும் ‘குன்’ கூரைக்குள் கரைந்துபோய், ‘நித்’ மட்டுமே காதில் விழும்.

சென்ற வாரம் மோல்மேனுக்குக் கிளம்பினேன். முதலில் ‘அரைமணி நேரம் தாமதம்’ என்றார்கள். மாமா உடனே தேநீர் குடிக்கப் போய்விட்டார். அரைமணி என்பது அந்த நேரத்துக் கணக்கு; இருபது நிமிடத்திலேயே வண்டி வந்து நிற்கலாம் என்றால் கேட்பாரா? பாதிக் கோப்பையில் நடைமேடை மாற்றம் அறிவித்தார்கள். எனக்கு ‘நித்’ என்று கேட்டது. இரண்டாம் நடைமேடைக்கு ஓடினோம். அங்கே ஒரு நாயும் துடைப்பமும்தான் இருந்தன.

அப்போதுதான் பார்த்தேன்: கூடைக்காரப் பெண்கள் எல்லோரும் மேம்பாலத்தில் எதிர்ப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள். விற்பவர்களுக்கு வண்டி நிற்கும் இடம் தெரியாமலா இருக்கும்? “மோல்மேன் வண்டியா அம்மா?” என்று கேட்டேன். தலையில் கூடையோடு ஏழு விரல்களைக் காட்டினாள். இனி அறிவிப்பாளரை நம்பமாட்டேன், விரல்களைத்தான் நம்புவேன்.

கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறினோம். எங்கள் இருக்கை முன்பக்கத்துப் பெட்டியில். ஒவ்வொரு பெட்டியாக மூட்டைகளைத் தாண்டி நடந்தோம். மாமா வழியெல்லாம், குடிக்காமல் விட்ட அரைக் கோப்பையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.