வந்த மலேரியாவும் உள்ளூர் மலேரியாவும்

“மலேரியா ஒடிசாவிலிருந்து சூளை வேலைக்கு வந்தவருக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களுக்கு எதற்கு ரத்தப் பரிசோதனை?”

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவிலும் இதே முணுமுணுப்புதான். அவர் தன் ஊரிலிருந்தே தொற்றோடு வந்தவர் என்றால் அது வெளியிலிருந்து வந்த நோய், நம் கணக்கில் சேராது. ஆனால் இங்கே அவரைக் கடித்த அனாபிலிஸ் கொசு ஏறக்குறைய 10 நாளில் பிறருக்குப் பரப்பத் தயாராகிவிடும். அப்படித் தொற்றிய முதல் ஆளுக்கும் அவருக்கும் தொடர்பைக் காட்ட முடிந்தால் அதுவும் உள்ளூர் நோயாகாது. காட்ட முடியாவிட்டால் ஆகிவிடும். காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சுகாதாரப் பணியாளர்கள் அவ்வளவு துருவிக் கேட்பது அதற்குத்தான். அப்புறம், இன்று நெகடிவ் என்றாலும் சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் மறுபடி பரிசோதிக்க வேண்டும். வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் பதுங்கியிருந்தால் ரத்தத்தில் தெரியாது. மலேரியா ஒழிந்தது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்று நாடு முழுவதற்கும்தான், கேரளத்துக்குத் தனியாகக் கிடையாது. குறைந்தது தொடர்ந்து 3 ஆண்டுகள் உள்ளூர் நோயே இல்லை என்று நாடு நிரூபிக்க வேண்டும்.