173 தொன்னா, 240 தொன்னா?

திட்ட அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். விற்பனை 10 சதவீதம் குறைந்தால் என்ன, செலவு 10 சதவீதம் கூடினால் என்ன என்று நான்கு வரிகள். தலைப்பு: உணர்திறன் பகுப்பாய்வு. அதற்குக் கீழே, திட்டம் சாத்தியமானது என்று ஒரு தீர்ப்பு. வன்னியில் திறப்புவிழாக் கல்வெட்டு மட்டும் பளபளக்க, பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் பலவற்றுக்கும் இப்படியொரு அட்டவணை எங்கோ ஒரு கோப்பில் இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சங்கம் புழுங்கலரிசி ஆலை போட நினைக்கிறது. பெயர் வேண்டாம். அவர்களுடைய அறிக்கையை வாசித்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். எண்களைக் கொஞ்சம் உருட்டித் தருகிறேன்.

முதலீடு 200 இலட்சம். ஆயுள் 10 வருடம், முடிவில் எஞ்சும் பெறுமதி எதுவுமில்லை. வருடத்துக்கு 300 தொன் அரிசி விற்பனை, கிலோ 220 ரூபாய். நெல் கிலோ 110 ரூபாய்க்கு வாங்கி, 100 கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி எடுத்தால், ஒரு கிலோ அரிசிக்கு நெல் மட்டும் 169 ரூபாய். விறகு, மின்சாரம், சாக்கு, கூலி எல்லாம் சேர்த்து, தவிடு விற்ற காசைக் கழித்தபின் 21 ரூபாய். ஆகக் கிலோவுக்கு மிஞ்சுவது 30 ரூபாய். சம்பளம், காப்புறுதி, பராமரிப்பு என்று விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் பணம் வருடத்துக்கு 32 இலட்சம். எனவே கையில் நிற்பது 58 இலட்சம். வரியை விட்டுவிட்டு, பத்து வருட வரவையும் வருடத்துக்கு 15 சதவீதம் கழித்து இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தால், ஒரு வருட வரவைப் பெருக்க வேண்டிய காரணி 5.02. அதிலிருந்து முதலீட்டைக் கழித்தபின் நிற்கும் தேறிய நிகழ்காலப் பெறுமதி ஏறத்தாழ 91 இலட்சம். இதுவரை பிழையில்லை.

அடுத்த பக்கத்தில் "173 தொன் விற்றாலே நட்டமில்லை" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நிலையான செலவு 32 இலட்சம், முதலீட்டைப் பத்து வருடத்துக்குப் பிரித்த பெறுமானத் தேய்வு 20 இலட்சம், இரண்டையும் கூட்டி 30 ரூபாயால் வகுத்திருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்துக்கு அது சரி. ஆனால் 200 இலட்சத்தைப் பத்து வருடத்தில் அப்படியே திரும்ப எடுத்தால் போதும், அந்தப் பணத்துக்கு வட்டி வேண்டாம் என்றல்லவா அந்தக் கணக்குச் சொல்கிறது? 173 தொன் விற்கும் ஆலையில் வருடம் 20 இலட்சம்தான் மிஞ்சும். 15 சதவீதத்தில் அதன் இன்றைய பெறுமதி 100 இலட்சம். அதாவது நட்டமில்லை என்று சொல்லப்படும் அதே இடத்தில் சங்கம் மற்ற 100 இலட்சத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறது.

தேறிய நிகழ்காலப் பெறுமதி பூச்சியமாகும் விற்பனை வேண்டுமானால் தேய்வை மறந்துவிடுங்கள். 200 இலட்சத்தை 5.02 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 40 இலட்சம். முதலையும் அதன் வட்டியையும் மீட்க வருடாவருடம் மிஞ்ச வேண்டிய தொகை அதுதான். அதோடு 32 இலட்சத்தைக் கூட்டி 30 ரூபாயால் வகுத்தால் 240 தொன். எதிர்பார்க்கும் 300 தொன்னிலிருந்து 20 சதவீதம் இறங்கினாலே அங்கே வந்துவிடும். அறிக்கையின்படியோ 42 சதவீதம் வரை இறங்கலாம். கூட்டத்தில் கைதூக்கும் அங்கத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டாமா?

இனி அந்த நான்கு வரி அட்டவணை. மற்றவை மாறாமல் அரிசி விலையை மட்டும் 10 சதவீதம் குறைத்தால் கிலோவுக்கு மிஞ்சுவது 8 ரூபாய். தேறிய நிகழ்காலப் பெறுமதி மறை 240 இலட்சம். பார்த்தவுடன் நெஞ்சு பதறும். ஆனால் அரிசி விலை விழுந்து நெல் விலை மட்டும் அசையாமல் நிற்கும் வருடங்கள் எத்தனை? இரண்டும் சேர்ந்து 10 சதவீதம் இறங்கினால் ஆலைக்குக் கிலோவில் கிட்டத்தட்ட 25 ரூபாய் மிஞ்சும், தேறிய பெறுமதியும் நேராகவே, ஏறக்குறைய 14 இலட்சத்தில் நிற்கும். ஒன்றோடொன்று கட்டுண்ட இரண்டைப் பிரித்து அசைத்தால் வரும் விடை பயமுறுத்தும், ஆனால் வழிகாட்டாது. ஆலைக்காரனுக்கு முக்கியம் அரிசி விலையன்று, இரண்டு விலைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அட்டவணையில் அசைக்க வேண்டியதும் அதைத்தான்.

அட்டவணையில் இல்லாத ஒன்று அந்த 65 கிலோ. அது 62 ஆனால் என்ன? மூன்றே கிலோ. நெல்லின் செலவு கிலோ அரிசிக்கு 8.2 ரூபாய் ஏறி, 91 இலட்சம் மறை 32 இலட்சமாகிவிடுகிறது. இது கொழும்பில் தீர்மானமாவதில்லை, களத்தில் தீர்மானமாகிறது. அவித்த நெல்லை உச்சி வெயிலில் சீமெந்துக் களத்தில் ஒரே மூச்சில் காயவிட்டால் மணி வெடிக்கும், தீட்டும்போது குறுணலாகும். கைதேர்ந்தவர் நான்கு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, கூட்டிக் குவியுங்கள், ஆறட்டும் என்பார். அறிக்கையில் அவருக்கு ஒரு வரி கூட இல்லை.

சூழ்நிலைப் பகுப்பாய்வு என்றால் எல்லாவற்றையும் 10 சதவீதம் கெடுத்துப் பத்து வருடமும் அப்படியே ஓட்டுவதன்று. வன்னியில் கெட்ட வருடம் எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். இரணைமடுக் குளம் நிறையாவிட்டால் சிறுபோகம் சுருங்கும். 2018 டிசம்பர் போல வெள்ளம் வந்தால் காலபோகம் அழுகும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது, அடுத்த காலபோக விளைச்சல் சரிந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. ஓகஸ்டில் மின்கட்டணமும் ஏறியது. இவை தனித்தனியாக வரவில்லை.

அப்படியொரு வருடத்தில் விற்பனை 200 தொன், கிலோவுக்கு மிஞ்சுவது 30 அன்று 26 ரூபாய், நிலையான செலவு 36 இலட்சம் என்று வையுங்கள். வருடத்துக்குக் கையில் நிற்பது 58 அன்று, 16 இலட்சம். இப்படி மூன்று வருடங்கள் கடைசியில் வந்தால் தேறிய பெறுமதி 55 இலட்சம் இருக்கும். அதே மூன்றும் தொடக்கத்திலேயே வந்தால் பூச்சியத்துக்குக் கீழே, மறை 5 இலட்சத்துக்குப் போய்விடும். அதற்கு முன்னரே வங்கித் தவணைக்குப் பணமில்லாமல் ஆலை நின்றிருக்கும். தேறிய பெறுமதி நேராக இருந்தாலும் தவணை நாளில் பெட்டி காலியாக இருக்கலாம் என்பதை இந்தக் கணக்கு தானாகச் சொல்லாது, தனியே பார்க்க வேண்டும்.

கடைசியாக, அறிக்கையில் முற்றாக விடுபட்ட ஒன்று. 300 தொன் அரிசிக்கு 460 தொன் நெல் வேண்டும், பெறுமதி 5 கோடிக்கு மேல். அறுவடை முடிந்த கையோடு வாங்கிக் குவித்து மெல்ல மெல்லத் தீட்டுவதுதான் நடைமுறை. சராசரியாக 125 இலட்சம் நெல்லாகவே களஞ்சியத்தில் முடங்கும் என்று வைத்தாலும், அது பத்தாம் வருடம் முழுதாகத் திரும்பினாலும், 15 சதவீதத்தில் அதன் விலை 94 இலட்சம். இருந்த 91 இலட்சமும் இதிலேயே போய்விட்டது. இல்லாத வரியை எத்தனை சதவீதம் அசைத்தாலும் எதுவும் தெரியவராது.

ஆலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விவசாயியின் நெல்லைக் கூலிக்கு அவித்துத் தீட்டிக் கொடுத்தால் கிலோவுக்குக் கிடைப்பது குறைவு. ஆனால் நெல்லில் பணம் முடங்காது, விலை இடைவெளியின் ஆபத்தும் சங்கத்தின் தலையில் விழாது. அந்த வழியில் எத்தனை தொன்னில் தேறிய பெறுமதி பூச்சியமாகிறது என்று ஒரு பக்கக் கணக்கை, பொதுக்கூட்டத்துக்கு முன்னரே அங்கத்தவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.